கோயானியா டிரம்களும் 90, 150, 300 வருஷக் கணக்கும்: சீசியம்-137 எப்ப குறையும்?

1987 செப்டம்பர்ல பிரேசில்ல கோயானியா நகரத்துல நடந்த விபத்தைப் பத்தி நிறைய பேர் படிச்சிருப்பீங்க. ஒரு தனியார் கதிர்வீச்சு சிகிச்சை நிலையம் வேற இடத்துக்கு மாறினப்போ ஒரு பழைய மெஷினை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க, அதுக்குள்ள சீசியம்-137ங்கற கதிரியக்கப் பொருள் இருந்துச்சு. பழைய இரும்பா விக்கலாம்னு ரெண்டு பேர் அந்த மெஷின் தலையைக் கழட்டி எடுத்துட்டுப் போனாங்க, உள்ள இருந்த கேப்ஸ்யூல் உடைஞ்சு, பழைய இரும்புக் கடைக்குப் போய், இருட்டுல நீலமா மின்னுற அந்தப் பொடியைப் பார்த்து ஆச்சரியப்பட்டு சொந்தக்காரங்க, அக்கம்பக்கத்து ஆளுங்கன்னு கையில குடுத்து அனுப்பினாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல யாருக்கும் அது என்னன்னே தெரியல. 4 பேர் செத்துப்போனாங்க, 1,12,000 பேருக்கு மேல டெஸ்ட் பண்ணாங்க, அதுல 249 பேர் கிட்ட சீசியம் ஒட்டியிருந்தது தெரிஞ்சுது.

இந்த அளவுக்குப் பல இடத்துல எழுதியிருக்காங்க. நான் எழுத வந்தது அதுக்கு அப்புறம் நடந்ததைப் பத்தி. வீடுகளை இடிச்சு, மண்ணை வாரி, துணிமணி, சாமான், மரம்னு எல்லாத்தையும் சேர்த்தப்போ சுமார் 3,500 கன மீட்டர் கழிவு வந்துச்சு. ஆரம்பத்துல அந்தப் பொடி மொத்தமே 93 கிராம்தான்! இந்தக் கழிவை அடைச்ச டிரம், பெட்டி எல்லாத்தையும் பிரேசில் அணுசக்தி ஆணையத்துக்காரங்க எப்படிப் பிரிச்சாங்கன்னா, உள்ள இருக்கறது மண்ணா துணியாங்கறதை வெச்சு இல்ல, ‘இது எத்தனை வருஷத்துல பயப்படத் தேவையில்லாத அளவுக்கு வரும்’ங்கற கேள்வியை வெச்சு. அரை ஆயுள், அதாவது ஒரு கதிரியக்கப் பொருள் பாதியாக ஆகற காலம், அந்தக் கணக்கைப் புரிஞ்சுக்க எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல நிஜ உதாரணம் இல்ல, ஏன்னா இங்க கணக்கோட விடைதான் டிரம் எந்த குரூப்புன்னு முடிவு பண்ணுது.

அவங்க வெச்ச எல்லைக்கோடு கிராமுக்கு 87 பெக்கரல். அதுக்குக் கீழ இருந்தா முதல் குரூப், காத்திருக்கவே வேணாம். அந்த 87க்கு இறங்க 90 வருஷத்துக்குள்ள ஆகும்னா ரெண்டாவது குரூப், 90லிருந்து 150 வரைக்கும்னா மூணாவது, 150லிருந்து 300 வரைக்கும்னா நாலாவது, 300க்கும் மேலன்னா அஞ்சாவது. பெக்கரல்னா ஒரு செகண்டுக்கு ஒரு அணு சிதையுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

இந்த 90, 150, 300 சும்மா வெச்ச நம்பர் மாதிரி தெரியும். சீசியம்-137 அரை ஆயுள் சுமார் 30 வருஷம், துல்லியமா வேணும்னா 30.1ன்னு வெச்சுக்கலாம். அப்ப 90ங்கறது மூணு அரை ஆயுள், 150 அஞ்சு, 300 பத்து. மூணு தடவை பாதியானா எட்டுல ஒண்ணு, அஞ்சு தடவைன்னா 32ல ஒண்ணு, பத்து தடவைன்னா 1024ல ஒண்ணு. அதாவது வருஷத்துல எழுதின அந்தக் கோடுகளை அப்படியே திருப்பிப் போட்டா, டிரம்ல இருக்க வேண்டிய செறிவோட கோடுகள் கிடைக்கும். 30.1ஐயே வெச்சுப் போட்டா, கிராமுக்கு சுமார் 690 பெக்கரல் வரைக்கும் ரெண்டாவது குரூப், 2,750 வரைக்கும் மூணாவது, 87,000 வரைக்கும் நாலாவது, அதுக்கு மேல அஞ்சாவது. டிரம்மை அளக்கறவங்க கையில இந்த மூணு நம்பர் இருந்தாப் போதும், ஒவ்வொண்ணுக்கும் கால்குலேட்டர் தட்ட வேணாம்.

ஒரு டிரம்மை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்

கணக்குக்காக ஒரு டிரம், 200 கிலோ மண், அளந்தா கிராமுக்கு 300 பெக்கரல். 87க்கு வர எவ்வளவு நாள்?

முதல்ல லாக் எதுவும் இல்லாம கையால பாதி பண்ணிப் பாருங்க. 300, அப்புறம் 150, அப்புறம் 75. ஒரு அரை ஆயுள் முடிஞ்சப்போ 150, இன்னும் 87க்கு மேல. ரெண்டு முடிஞ்சப்போ 75, கோட்டைத் தாண்டியாச்சு. அப்ப விடை 30க்கும் 60க்கும் நடுவுல எங்கயோ இருக்கு, அதுவும் 75க்குப் பக்கத்துலதான் 87 இருக்கறதால 60 பக்கம் சாய்ஞ்சிருக்கும். எந்தக் கணக்கு போட்டாலும் இதை முதல்ல பண்ணிடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன், ஏன்னா கடைசியில கால்குலேட்டர் ஏடாகூடமா ஏதாவது காட்டினா உடனே பிடிபட்டுடும்.

இப்ப சரியான விடை. சூத்திரம் இதுதான்:

```
t = T × ln(A0 / A) / ln 2
```

T அரை ஆயுள், A0 இப்ப இருக்கறது, A நமக்கு வேண்டிய அளவு. 300ஐ 87ஆல வகுத்தா 3.448. அதோட ln 1.238. அதை ln 2, அதாவது 0.693ஆல வகுத்தா 1.786. இந்த 1.786தான் முக்கியமான நம்பர், எத்தனை அரை ஆயுள் ஆகணும்ங்கறது இதுதான், முழு எண்ணா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. இதை 30.1ஆல பெருக்கினா 53.8 வருஷம். 1987ல அளந்திருந்தா 2041 வாக்குல அந்த டிரம் கோட்டைத் தொடும். நாம முதல்ல சொன்ன 30க்கும் 60க்கும் நடுவுல, 60 பக்கமா, சரியா உக்காருது. ln பட்டன் இல்லாம வெறும் log பட்டன் இருந்தாலும் பரவாயில்ல, மேலயும் கீழயும் ஒரே லாக் போட்டா விடை மாறாது. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு கலந்து போட்டாத்தான் தப்பா வரும்.

இதே இடத்துல அடிக்கடி பார்க்கற தப்பு ஒண்ணு இருக்கு. ‘30 வருஷத்துல பாதி போகுது, நமக்கு 71 சதவீதம் போகணும், அப்ப 71ஐ 50ஆல வகுத்து 30.1ஆல பெருக்கு’ன்னு நேர்கோட்டுக் கணக்கு போடறது. அப்படிப் போட்டா 42.7 வருஷம்னு வரும், பார்க்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா 42.7 வருஷத்துல டிரம்மைத் திறந்தா உள்ள கிராமுக்கு சுமார் 112 பெக்கரல் இருக்கும், 87 இல்ல. அந்தக் கணக்கு தப்புன்னு காட்ட ஒரு கேள்வி போதும்: அப்ப 60 வருஷத்துல எல்லாம் போயிடுமா? நேர்கோடுப்படி பார்த்தா ஆமான்னு சொல்லணும், ஆனா நிஜத்துல அப்ப கால்வாசி மிச்சம் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் போறது ஆரம்பத்துல இருந்ததுல ஒரு பங்கு இல்ல, அந்த நேரத்துல மிச்சம் இருக்கறதுல ஒரு பங்கு, அதனால போகப்போக வருஷத்துக்குக் குறையற அளவும் குறைஞ்சுக்கிட்டே வரும்.

மடங்கு ஏறினா வருஷம் கூடும், பெருகாது

இப்ப கதிரியக்கம் ஜாஸ்தியா இருக்கற, அதாவது ‘சூடான’ ஒரு பொட்டலத்தை எடுப்போம், கிராமுக்கு 20,000 பெக்கரல். 87ஆல வகுத்தா 230, அது 7.85 அரை ஆயுள், அதாவது 236 வருஷம். நாலாவது குரூப். மண் டிரம்மை விட இது 67 மடங்கு சூடு, ஆனா காத்திருக்க வேண்டிய காலம் நாலரை மடங்குக்குக் கூட வரல.

இன்னும் தூரம் போய்ப் பாருங்க. அந்த உடையாத கேப்ஸ்யூலை அப்படியே வெச்சிருந்தா? விபத்து நேரத்துல அதுல 50.9 டெராபெக்கரல், அதாவது 50.9 லட்சம் கோடி பெக்கரல் இருந்துச்சு, 93 கிராம்ல, அப்ப கிராமுக்கு சுமார் 54,700 கோடி பெக்கரல். மண் டிரம்மை விட ஏறக்குறைய 180 கோடி மடங்கு. அது 87க்கு வர 32.5 அரை ஆயுள், சுமார் 980 வருஷம். 180 கோடி மடங்கு சூடு, ஆனா காலம் 54லிருந்து 980க்குத்தான் போகுது. ரெண்டு மடங்கு கூடினா 30 வருஷம் சேரும், பத்து மடங்கு கூடினா 100 வருஷம் சேரும், எங்க ஆரம்பிச்சாலும் அதே 30, அதே 100. லாக் இருக்கறதோட முழு அர்த்தமும் இதுதான்.

இதைக் கேட்டதும் சிலருக்கு ஒரு யோசனை வரும், சுத்தமான மண்ணைக் கொட்டிக் கலந்துட்டா சீக்கிரம் 87க்கு வந்துடுமேன்னு. எட்டு மடங்கு கலந்தா காகிதத்துல 90 வருஷம் மிச்சம், உண்மைதான். ஆனா ஒரு சீசியம் அணு கூட அதனால குறையல, மொத்தம் அப்படியே இருக்கு, டிரம் எண்ணிக்கைதான் எட்டு மடங்கு ஆயிருக்கு. கோயானியாவுல தெரியாம நடந்ததே இந்தக் கலக்கறதுதான், 93 கிராம் 3,500 கன மீட்டர் ஆனது அப்படித்தான். செறிவு ஒரு கணக்கு, மொத்தம் வேற கணக்கு, லேபிள்ல ரெண்டும் இருக்கணும்.

இந்தக் கணக்கு நிஜமா நடக்குதான்னு சரிபார்க்க அந்த கேப்ஸ்யூலே ஒரு நல்ல சாட்சி. 1971ல அதுல 74 டெராபெக்கரல் இருந்துச்சு. 1987க்கு 16 வருஷம், 16ஐ 30.1ஆல வகுத்தா 0.53 அரை ஆயுள், அப்ப மிச்சம் இருக்க வேண்டியது 69 சதவீதம், அதாவது சுமார் 51 டெராபெக்கரல். விபத்து அறிக்கையில இருக்கறது 50.9. முன்னாடி போற கணக்கும் பின்னாடி போற கணக்கும் ஒரே கோட்டுல உக்காருது.

எங்க தப்பு வரும்

அரை ஆயுள் 30.0ன்னு போடறதா 30.2ன்னு போடறதான்னு சிலர் ரொம்பக் கவலைப்படறாங்க. நம்ம மண் டிரம்ல அது 53.6க்கும் 53.9க்கும் உள்ள வித்தியாசம், சில மாசம், விட்டுடுங்க. பெரிய தப்பு வர்றது அளவுல. மூடின டிரம்முக்கு வெளியில மீட்டரை வெச்சுத்தான் உள்ள எவ்வளவுன்னு கணிக்கிறாங்க, அந்தக் காமா கதிர் மண்ணையும் தகரத்தையும் தாண்டி வரணும், சீசியம் நடுவுல இருந்தா ரீடிங் கம்மியாவும் ஓரத்துல இருந்தா ஜாஸ்தியாவும் காட்டும். ரெண்டு மடங்கு தப்பு வர்றது அப்படி ஒண்ணும் அபூர்வம் இல்ல. 300ன்னு எழுதினது நிஜத்துல 600ஆ இருந்தா 54 வருஷம் 84 ஆயிடும், 150ஆ இருந்தா 24 ஆயிடும். ரெண்டு மடங்கு தப்புன்னா எப்பவும் ஒரு அரை ஆயுள் இந்தப் பக்கம் இல்ல அந்தப் பக்கம். இதை நல்லதுன்னும் பார்க்கலாம், 300 வருஷக் கணக்குல 30 வருஷம் தப்பினா பெரிசா தெரியாது, ஆனா 24க்கும் 84க்கும் நடுவுல நிக்கற டிரம்முக்கு அது ரொம்பப் பெரிசு. அதனால எல்லைக்கோட்டுப் பக்கத்துல இருக்கற டிரம்மை, உதாரணமா 500ன்னு காட்டறதை, ரெண்டாவது குரூப்னு கண்ணை மூடிட்டுப் போடக்கூடாது. 500க்கு 76 வருஷம், அதுவே நிஜத்துல 1000ஆ இருந்தா 106 வருஷம், மூணாவது குரூப்புக்குப் போயிடும்.

அடுத்தது எனக்கு நிஜமாவே கவலையா இருக்கற விஷயம், சராசரி. நம்ம 200 கிலோ டிரம்ல கிராமுக்கு 300ன்னா மொத்தம் 6 கோடி பெக்கரல். இதே 6 கோடி, கிராமுக்கு 20,000 இருக்கற 3 கிலோ கட்டி ஒண்ணுலயும் இருக்கலாம், மிச்சம் 197 கிலோவும் வெறும் சுத்த மண்ணா இருக்கலாம். சராசரி ரெண்டுலயும் 300தான், காகிதத்துல ரெண்டுமே 2041. ஆனா ரெண்டாவது டிரம்மை 2041ல திறந்து கொட்டினா அந்தக் கட்டி இன்னும் கிராமுக்கு 5,800 பெக்கரல் பக்கத்துல இருக்கும், அது 87க்கு வர 2223 ஆகணும். சூத்திரம் தப்பு பண்ணல, குடுத்த A0 தப்பு. இதைக் கண்டுபிடிக்க வழி, டிரம்மைச் சுத்திப் பல பக்கத்துல, மேல நடுவுல கீழன்னு ரீடிங் எடுக்கறது, ஒரு பக்கம் மட்டும் எகிறினா உள்ள கட்டி இருக்குன்னு அர்த்தம். கட்டி நட்டநடுவுல இருந்தா இதுவும் ஏமாத்தும், அதுக்கு நிரப்பறதுக்கு முன்னாடியே அளந்திருக்கணும்.

தேதியும் அடிக்கடி விட்டுப்போகற ஒண்ணு. 300ங்கறது 1987ல அளந்ததா 1997ல அளந்ததா? பத்து வருஷத்துல சீசியம் 20 சதவீதம் குறைஞ்சிடும். தேதி இல்லாத ரீடிங்கை வெச்சு 54 வருஷம்னு சொல்ல முடியும், ஆனா எந்த வருஷத்துலேர்ந்து எண்ணறதுன்னு யாருக்கும் தெரியாது.

அப்புறம் இடையில போய் அளந்து பார்த்து ‘சரியாத்தான் குறையுதா’ன்னு பார்க்கறவங்களுக்கு ஒண்ணு. சீசியம்-137 ஒரு வருஷத்துக்கு 2.3 சதவீதம்தான் குறையும். சாதாரண மீட்டர்ல அந்த அளவு தெரியவே தெரியாது, மீட்டரோட தடுமாட்டமே அதை விட ஜாஸ்தி. அஞ்சு வருஷம் கழிச்சு வந்தா 11 சதவீதம் குறைஞ்சிருக்கும், அப்பதான் ஏதாவது சொல்ல முடியும். ஒரே வருஷத்துல பத்து சதவீதம் குறைஞ்சிருக்குன்னு ரீடிங் சொன்னா சந்தோஷப்படாதீங்க, அது சிதைவு இல்ல. மீட்டரை வேற தூரத்துல வெச்சிருப்பாங்க, கேலிப்ரேஷன் மாறியிருக்கும், இல்லைன்னா டிரம்லேர்ந்து ஏதோ வெளிய போயிருக்கு, கடைசி காரணத்தை முதல்ல பாருங்க. அந்தப் பொடி சீசியம் குளோரைடு, தண்ணியில சுலபமா கரையும், கோயானியாவுல அது அவ்வளவு பரவினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இதையே திருப்பிப் பார்த்தா, அரை ஆயுள் கணக்கு எங்க செல்லாதுங்கறதும் தெரியும். அந்த விபத்துல சீசியம் உடம்புக்குள்ள போனவங்கள்ல 46 பேருக்கு ப்ரஷ்யன் ப்ளூ மருந்து குடுத்தாங்க. பெரியவங்க உடம்புல சீசியம் பாதியாக சுமார் 100 நாள் போதும், ஏன்னா உடம்பு அதை வெளிய தள்ளுது, மருந்து குடுத்தா இன்னும் வேகமா. அங்க எட்டுல ஒண்ணா ஆக 300 நாள் பக்கம், டிரம்ல அதுக்கே 90 வருஷம். உடம்புலேர்ந்து போனது சிதையல, இடம் மாறிச்சு. வெளிய வந்த அந்த சீசியத்துக்கு மறுபடியும் அதே 30.1தான். மழையில கரைஞ்சு மேல்மண்ணுலேர்ந்து கீழ இறங்கறதும் இதே கதைதான், மேல ரீடிங் குறையும், சீசியம் குறையாது.

அஞ்சாவது குரூப்புக்கு வருவோம், கிராமுக்கு 87,000க்கு மேல, 300 வருஷத்துக்கு மேல. மத்ததுக்கெல்லாம் மேல் எல்லை இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல. ஆனா கேப்ஸ்யூலே 980 வருஷம்னு பார்த்தோம், பொடி பரவினதுக்கு அப்புறம் எதுவும் அந்தச் செறிவைத் தாண்டியிருக்க முடியாது, அப்ப எந்தக் கழிவும் அந்த 980ஐத் தாண்டாது. மேல் எல்லை எழுதலைன்னாலும் கணக்கே ஒரு எல்லையைக் குடுத்துடுது.

மீட்டு எடுத்ததுன்னு கணக்கு வந்தது சுமார் 44 டெராபெக்கரல், அது எல்லாம் கோயானியாவுக்குப் பக்கத்துல அபாதியா தி கோயாஸ்ல 1990கள்ல கட்டின நிரந்தரக் கிடங்குல இருக்கு. 2027ல 40 வருஷம் ஆகும். 40ஐ 30.1ஆல வகுத்தா 1.33 அரை ஆயுள், மிச்சம் 40 சதவீதம், அதாவது 17.5 டெராபெக்கரல் பக்கம். குரூப் வாரியாப் பார்த்தா, 1987ல கிராமுக்கு 87லிருந்து சுமார் 218 வரைக்கும் இருந்த டிரம் எல்லாம் அதுக்குள்ள கோட்டுக்குக் கீழ வந்திருக்கும், ரெண்டாவது குரூப்ல மிச்சம் இருக்கறதுக்கு 2077 வரைக்கும் காத்திருக்கணும். அந்த 218 எப்படி வந்துச்சுன்னு கேட்டா, 87ஐ 0.398ஆல வகுத்தது, சூத்திரத்தைத் திருப்பிப் போட்டது, வேற ஒண்ணும் இல்ல.